ஐபிசெக் சுரங்கமும் டிஎல்எஸ் தொலை அணுகலும்: பொதி எந்த இடத்தில் மூடப்படுகிறது?

கேள்வி: "நான் யாழ்ப்பாணத்தில் கணினி விஞ்ஞானம் படிக்கும் மூன்றாம் ஆண்டு மாணவி. விபிஎன் வடிவமைப்புகளை ஒப்பிட்டு ஓர் ஒப்படை செய்ய வேண்டும். ஐபிசெக், டிஎல்எஸ் இரண்டுமே ஏஇஎஸ் பாவிக்கின்றன, இரண்டும் சான்றிதழ் கேட்கின்றன. அப்படியென்றால் உண்மையான வித்தியாசம் எங்கே இருக்கிறது? எங்களுக்குத் தந்த உதாரணம்: கொழும்பில் தலைமை அலுவலகம், யாழ்ப்பாணத்தில் ஒரு கிளை, வீட்டிலிருந்து வேலை செய்யும் சில ஊழியர்கள்."

முதலில் உங்கள் ஒப்பீட்டு அட்டவணையிலிருந்து மறைகுறியாக்கம் என்ற வரிசையை எடுத்துவிடுங்கள். ஒழுங்காக அமைக்கப்பட்டால் இரண்டு வகையிலும் ஏஇஎஸ்-ஜிசிஎம் போன்ற அதே மறைகுறி முறைகளும், திறவுகோலை உருவாக்க அதே டிஃபி-ஹெல்மன் பரிமாற்றமும்தான் இருக்கும். அந்த வரிசையின் இரண்டு கட்டங்களிலும் ஒரே விடையை எழுதுவீர்கள். வேறுபாடு வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது. வெளியே போக வேண்டிய பொதியை யார், எந்த அடையாளத்தைப் பார்த்துப் பிடித்து மூடுகிறார் என்பது ஒன்று. மூடிய பொதி எதன் மேல் ஏறி இணையத்தைக் கடக்கிறது என்பது மற்றொன்று. புத்தகங்கள் நீளமாகப் பட்டியலிடும் நன்மை தீமைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டிலிருந்தும் பிறப்பவையே என்பது, பல ஆண்டுகளாக இரண்டு வகையையும் நிறுவிப் பழுதுபார்த்து வருபவன் என்ற முறையில் என்னுடைய கருத்து. ஆகவே உங்கள் உதாரணத்தையே எடுத்து, ஒரு பொதியைப் பின்தொடர்ந்து போவோம்.

கிளையின் உள் வலையமைப்பு 192.168.20.0/24 என்றும் அதன் பொது முகவரி 203.0.113.10 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். கொழும்பின் உள் வலையமைப்பு 10.10.0.0/16, பொது முகவரி 198.51.100.7, கணக்குச் சேர்வர் 10.10.0.5. கிளைக்கும் கொழும்புக்கும் இடையே ஐபிசெக் சுரங்கம் இருக்கிறது. கிளையிலுள்ள ஒரு கணினி 10.10.0.5 இற்கு ஒரு பொதியை அனுப்புகிறது. அந்தக் கணினிக்கு விபிஎன் என்ற ஒன்று இருப்பதே தெரியாது; பொதி வழமைபோல ரவுட்டருக்கு வருகிறது. ரவுட்டரின் இயங்குதளக் கருவில், அதாவது கேர்னலில், ஒரு கொள்கைப் பட்டியல் இருக்கிறது. லினக்ஸ் ரவுட்டராக இருந்தால் அதைக் கண்ணால் பார்க்கலாம். சில விபரங்களை விட்டுச் சுருக்கித் தருகிறேன்:

```
$ ip xfrm policy
src 192.168.20.0/24 dst 10.10.0.0/16
    dir out
    tmpl src 203.0.113.10 dst 198.51.100.7
        proto esp reqid 1 mode tunnel
```

"இந்த முகவரி வீச்சிலிருந்து அந்த முகவரி வீச்சுக்குப் போகும் எதுவும் ஈஎஸ்பி உறைக்குள் போக வேண்டும்" என்பதுதான் இதன் பொருள். ஈஎஸ்பி என்பது ஐபிசெக்கில் தரவுப் பொதியை மூடும் நெறிமுறை. பொதியின் மூல முகவரியும் சேருமுகவரியும் இந்த வரியோடு பொருந்தினால் கேர்னல் முழுப் பொதியையும் மறைகுறியாக்கி, முன்னால் ஒரு புதிய ஐபி தலைப்பை ஒட்டி, கொழும்பின் பொது முகவரிக்கு அனுப்புகிறது. இங்கே பயனர் இல்லை, உள்நுழைவு இல்லை, இணைப்பு என்ற கருத்துக்கூட இல்லை. முகவரிகள் மட்டுமே இருக்கின்றன. திறவுகோல்களைப் பேசி முடிப்பது ஐகேஈ என்ற வேறொரு நெறிமுறை. அதன் இரண்டாம் பதிப்பு இப்போது ஆர்எஃப்சி 7296 இல் (2014) வரையறுக்கப்பட்டுள்ளது. சாதாரணமாக நான்கு செய்திகளில் அது தன் வேலையை முடித்து, திறவுகோலையும் முகவரி வீச்சையும் கேர்னலிடம் ஒப்படைத்துவிடும். அதன் பிறகு தரவுப் பொதிகள் ஐகேஈ நிரலைத் தொடுவதே இல்லை.

இந்த அமைப்பின் குணத்தை அது பழுதாகும் விதத்தில்தான் வடிவாகக் காணலாம். கிளை ரவுட்டர் இணையத்துக்குப் போகும் பொதிகளின் மூல முகவரியைப் பொது முகவரியாக மாற்றும் வேலையையும் செய்கிறது. அந்த முகவரி மாற்றம் சுரங்கத்துக்குப் போக வேண்டிய பொதியையும் தொட்டுவிட்டால், பொதியின் மூலம் 192.168.20.15 என்பது 203.0.113.10 ஆகிவிடும்; அதன் பிறகு அது கொள்கை வரியோடு பொருந்தாது. கேர்னல் பிழை எதையும் சொல்லாது. பொதி மறைகுறியாக்கப்படாமலே வெளி இடைமுகத்தால் போய், அந்தத் தனியார் முகவரிக்கு வழி தெரியாத சேவை வழங்குநரின் வலையமைப்பில் தொலையும். சுரங்கத்தின் நிலையைக் கேட்டால் "நிறுவப்பட்டது" என்றே வரும். இதைக் கண்டுபிடிக்க, ஸ்ட்ரோங்ஸ்வான் என்ற ஐபிசெக் நிரலின் `swanctl --list-sas` கட்டளையில் வெளியே போன பைட் எண்ணிக்கையைப் பாருங்கள். Ping அனுப்பிக்கொண்டிருக்கும்போதும் அது பூச்சியத்திலேயே நின்றால், வெளி இடைமுகத்தில் `tcpdump` போட்டு 10.10.0.5 என்ற முகவரி வெளிப்படையாகத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் காரணம் இதுதான். முகவரி மாற்ற விதிக்கு மேலே ஒரு விலக்கு விதியைச் சேர்த்தால் சரியாகிவிடும்:

```
iptables -t nat -I POSTROUTING 1 -m policy \
  --dir out --pol ipsec -j ACCEPT
```

இதைப் பொதுமைப்படுத்தும்போது ஓர் எல்லை உண்டு. கொள்கைப் பட்டியலுக்குப் பதிலாக ஒரு மெய்நிகர் இடைமுகத்தை வைத்து, வழிப்படுத்தல் அட்டவணையால் சுரங்கத்தை இயக்கும் ஐபிசெக் முறையும் பரவலாக இருக்கிறது. அங்கே மேலே சொன்ன பழுது வேறு வடிவம் எடுக்கும். ஆனால் முகவரியைப் பார்த்துக் கேர்னல் மூடுகிறது என்ற அடிப்படை அங்கேயும் மாறுவதில்லை.

இப்போது பருத்தித்துறையில் வீட்டிலிருந்து, ஒரு 4ஜி டொங்கிள் வழியாக வேலை செய்யும் ஊழியருக்கு வருவோம். அவரிடம் டிஎல்எஸ் வகை விபிஎன் கிளையன்ட் இருக்கிறது. அது ஒரு சாதாரண நிரல். முதலில் உலாவி ஒன்று வங்கித் தளத்துக்குப் போவதைப் போலவே கொழும்பு நுழைவாயிலின் டிசிபி 443 ஆம் போர்ட்டுக்கு இணைப்பை எடுத்து, சேர்வரின் சான்றிதழைச் சரிபார்த்து, டிஎல்எஸ் அமர்வை உருவாக்குகிறது. அதன் பின்னர் அந்த மூடிய அமர்வுக்கு உள்ளேதான் பயனர்பெயர், கடவுச்சொல், கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் குறியீடு என்பன கேட்கப்படுகின்றன. அனுமதி கிடைத்ததும் நுழைவாயில் ஒரு உள் முகவரியைத் தருகிறது. கிளையன்ட் கணினியில் `tun0` போன்ற ஒரு மெய்நிகர் வலை இடைமுகத்தை உருவாக்கி, 10.10.0.0/16 இற்கான வழியை அதை நோக்கித் திருப்புகிறது. பொதி வழிப்படுத்தல் அட்டவணைப்படி `tun0` இற்குள் போகும். கேர்னல் அதை மூடாமல் அந்த நிரலிடம் கொடுக்கும். நிரல் அதைத் தன் டிஎல்எஸ் அமர்வுக்குள் எழுதி அனுப்பும். கேர்னல் முகவரி பார்த்து மூடிய இடத்தில் இங்கே ஒரு நிரல், ஒரு பயனரின் அமர்வுக்குள் மூடுகிறது. அதனால்தான் கணக்குப் பிரிவு ஊழியருக்கு 10.10.0.5 மட்டும், நிர்வாகிக்கு முழு வலையமைப்பும் என்று ஆளுக்கு ஆள் அனுமதியைப் பிரிப்பது டிஎல்எஸ் நுழைவாயில்களில் இயல்பாக வருகிறது. ஐபிசெக்கிலும் ஐகேஈ இரண்டாம் பதிப்பு ஈஏபி என்ற அடையாளச் சரிபார்ப்பு முறை மூலம் பயனர்பெயரைக் கேட்கவும், ஆளுக்கு ஒரு முகவரி கொடுக்கவும் இடமளிக்கிறது. முடியாது என்று எழுதிவிடாதீர்கள். ஆனால் உலாவிப் பக்கம் ஒன்றைத் திறந்து நிறுவனத்தின் வழமையான உள்நுழைவைக் காட்டுவது போன்ற வசதி அதற்குள் எளிதாகப் பொருந்துவதில்லை.

அடுத்தது, மூடிய பொதி எதன் மேல் ஏறிப் போகிறது என்பது. ஈஎஸ்பி என்பது டிசிபிக்கோ யூடிபிக்கோ மேல் ஓடுவதல்ல. ஐபிக்கு நேர் மேலே, 50 என்ற நெறிமுறை எண்ணோடு ஓடுகிறது. அதற்குப் போர்ட் எண் கிடையாது. 4ஜி வலையமைப்பில் பல வாடிக்கையாளர்கள் ஒரே பொது முகவரியைப் பகிர்ந்துகொள்ளும்போது, திரும்பி வரும் பொதி யாருடையது என்பதை இடையிலுள்ள முகவரி மாற்றி போர்ட் எண்ணைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறது. போர்ட்டே இல்லாத ஈஎஸ்பி அங்கே தடுமாறும். இதற்கான தீர்வு ஆர்எஃப்சி 3948 இல் (2005) இருக்கிறது. ஐகேஈ தன் முதற் செய்திகளிலேயே இரு பக்க முகவரிகளின் ஹாஷ் மதிப்புகளை அனுப்பி, வழியில் முகவரி மாறியிருக்கிறதா என்று பார்க்கும். மாறியிருந்தால் இருவரும் யூடிபி 500 ஐ விட்டு யூடிபி 4500 இற்கு நகர்ந்து, ஈஎஸ்பியையும் அதே யூடிபிக்குள் வைத்து அனுப்புவார்கள். முகவரி மாற்றி தன் பதிவை அழித்துவிடாமலிருக்க, அமைதியான வேளைகளில் ஒரேயொரு பைட் கொண்ட பொதி, வழமையாக 20 வினாடிக்கு ஒன்று என்ற கணக்கில் போய்க்கொண்டிருக்கும்.

ஆகவே "ஐபிசெக் முகவரி மாற்றத்தைத் தாண்டாது" என்ற பழைய வரியை உங்கள் ஒப்படையில் எழுத வேண்டாம். சரியாகச் சொன்னால், யூடிபி 4500 திறந்திருக்கும் இடமெல்லாம் தாண்டும். அது மூடப்பட்டிருக்கும் இடங்கள் உண்டு. விடுதி, விமான நிலையம், சில கல்வி நிறுவனங்களின் வயர்லெஸ் ஆகியவற்றில் 80, 443 தவிர எல்லாவற்றையும் மறித்து வைப்பது இன்றும் வழக்கம். அங்கே டிஎல்எஸ் வகை பெரும்பாலும் போய்விடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது ஒரு பாதுகாப்பான வலைத்தளத் தொடர்பு போலவே தெரியும். ஐபிசெக்கையும் டிசிபிக்குள் வைத்து அனுப்ப ஆர்எஃப்சி 9329 (2022) வழி சொல்கிறது. ஆனால் இரண்டு முனைகளும் அதை ஆதரிக்க வேண்டும், அந்த ஆதரவு எல்லாச் சாதனங்களிலும் இல்லை.

நடைமுறையில் மாணவர்களை மிகவும் குழப்புவது பொதியின் அளவு. இதை ஒருமுறை கையால் கணக்கிட்டுப் பாருங்கள், பிறகு மறக்காது. ஒரு வீட்டு இணைப்பு பிபிபிஓஈ வழியாக வருகிறது, அதன் ஆகக்கூடிய பொதி அளவு 1492 பைட் என்று எடுப்போம். அதன் மேல் ஏஇஎஸ்-ஜிசிஎம் கொண்ட ஐபிசெக் சுரங்கம், யூடிபி 4500 ஊடாக ஓடுகிறது. வெளி ஐபி தலைப்புக்கு 20, யூடிபிக்கு 8, ஈஎஸ்பி தலைப்புக்கு 8, ஒவ்வொரு பொதிக்கும் மாறும் தொடக்க மதிப்புக்கு 8, வாலில் நிரப்பு நீளத்துக்கும் அடுத்த நெறிமுறைக்குமாக 2, நம்பகச் சரிபார்ப்புக்கு 16 என்று மொத்தம் 62 பைட் போய்விடும். உள்ளே 1430 பைட் எஞ்சும். உள் பொதியும் அந்த 2 பைட் வாலும் சேர்ந்து நான்கால் வகுபட வேண்டும் என்றொரு விதி இருக்கிறது; 1432 வகுபடுவதால் நிரப்பு தேவையில்லை, சரியாக 1492 இல் வந்து முடிகிறது. 1431 பைட் உள் பொதி வந்தால் மூன்று பைட் நிரப்பும் சேர்ந்து மொத்தம் 1496 ஆகிவிடும், போகாது. இதை லினக்ஸில் இப்படிச் சோதிக்கலாம். 1402 உடன் ஐசிஎம்பி தலைப்பின் 8, ஐபி தலைப்பின் 20 சேர்ந்தால் 1430:

```
ping -M do -s 1402 10.10.0.5
ping -M do -s 1403 10.10.0.5
```

முதலாவது பதில் தரும், இரண்டாவது தராது. பெரிய பொதி வந்தால் நுழைவாயில் "இது பெரிது, சிறிதாக்கி அனுப்பு" என்று ஐசிஎம்பி செய்தி அனுப்ப வேண்டும். எவராவது ஃபயர்வோலில் ஐசிஎம்பியை முழுதாக மறித்து வைத்திருந்தால் அந்தச் செய்தி போய்ச் சேராது. அப்போது தோன்றும் அறிகுறி மிகவும் தனித்துவமானது: ping போகும், எஸ்எஸ்எச் உள்நுழைவு போகும், சிறிய கட்டளைகளுக்குப் பதில் வரும், ஆனால் ஒரு நீண்ட கோப்புப் பட்டியலைக் கேட்டவுடன் திரை உறைந்து நிற்கும். சிறியது போய்ப் பெரியது நின்றால் வேறெங்கும் தேடாமல் முதலில் அளவையே பாருங்கள். டிசிபி தொடங்கும்போது இரு பக்கமும் அறிவிக்கும் எம்எஸ்எஸ் என்ற அளவை 1430 இலிருந்து 40 கழித்து 1390 ஆக ரவுட்டரில் குறைத்துவிடுவது வழமையான மருந்து. போகும் திசை, வரும் திசை இரண்டிலும் குறைக்க வேண்டும். ஒரு திசையில் மட்டும் செய்தால் பதிவிறக்கம் சரியாகிப் பதிவேற்றம் நிற்கும், அல்லது மறுவளமாக நடக்கும்.

இதே அளவுச் சிக்கல் ஐகேஈ பேச்சுவார்த்தையிலும் தலைகாட்டும். சான்றிதழ்களைச் சுமந்துவரும் செய்தி ஒரு பொதிக்குள் அடங்காமல் ஐபி மட்டத்தில் துண்டானால், சில முகவரி மாற்றிகள் துண்டுகளை எறிந்துவிடும். முதல் இரண்டு செய்திகள் போய், மூன்றாவது செய்திக்குப் பதில் வராமல் மீண்டும் மீண்டும் அனுப்பப்படுவதாகப் பதிவேட்டில் தெரிந்தால் இதைச் சந்தேகியுங்கள். ஐகேஈ தானே செய்தியைத் துண்டாக்கும் முறை ஆர்எஃப்சி 7383 இல் (2014) வந்துவிட்டது; இரு முனைகளிலும் அதை இயக்கிவிட்டால் போதும்.

டிஎல்எஸ் டிசிபி மேல் ஓடும்போது இந்த வகை உறைதல் மிக அரிது. உள் பொதிகள் ஒரு பைட் தொடராக எழுதப்படுகின்றன, அதை எங்கே வெட்டி அனுப்புவது என்பதை வெளி டிசிபியே பார்த்துக்கொள்ளும். "டிஎல்எஸ் விபிஎன் எங்கேயும் வேலை செய்யும்" என்று ஊழியர்கள் சொல்வதில் 443 ஆம் போர்ட்டுக்கு எவ்வளவு பங்கிருக்கிறதோ, இதற்கும் ஏறக்குறைய அவ்வளவு பங்கிருக்கிறது என்று நினைக்கிறேன். ஆனால் அந்த வசதிக்கு ஒரு விலை உண்டு.

விலையைக் காண, அந்த 4ஜி இணைப்பில் போய்த் திரும்பும் நேரம் 80 மில்லிவினாடி என்றும், ஊழியர் விபிஎன் ஊடாக ஒரு குரல் அழைப்பில் இருக்கிறார் என்றும் வைப்போம். குரல் பொதி 20 மில்லிவினாடிக்கு ஒன்று போகிறது. ஒரு பொதி வானலையில் தொலைகிறது. ஐபிசெக்கில் அந்த ஒரு பொதி தொலைந்தது தொலைந்ததுதான். அடுத்த பொதி தன் நேரத்துக்கு வந்துவிடும், காதுக்குப் பெரும்பாலும் தெரியவும் மாட்டாது. டிசிபி மேல் ஓடும் டிஎல்எஸ்ஸில் அடுத்த பொதி வந்து சேர்ந்தாலும் மேலே கொடுக்கப்படாது, தொடர் ஒழுங்காக இருக்க வேண்டும் என்பதற்காக அது காத்திருக்கும். மரபான விதிப்படி, பின்னால் வந்த மூன்று பொதிகள் "இன்னும் பழையது வரவில்லை" என்று சொன்ன பிறகே அனுப்புநர் தொலைந்ததை மறுபடி அனுப்புவார். மூன்றாவது பொதி 60 ஆவது மில்லிவினாடியில் புறப்படுகிறது, அதற்கான பதில் 140 இல் திரும்புகிறது, மறுபடி அனுப்பியது 180 இல் போய்ச் சேர்கிறது. அது 40 இல் சேர்ந்திருக்க வேண்டியது. இடையில் வந்த ஏழெட்டுப் பொதிகள் வரிசையில் நின்று, பின் ஒரேயடியாகக் கொட்டுகின்றன. குரல் வெட்டி வெட்டிப் பின் விரைந்து ஓடுவது போலக் கேட்பது இதனால்தான். இன்றைய லினக்ஸ் இழப்பை இதைவிடச் சற்று விரைவாகக் கண்டுபிடிக்கும், ஆகவே எண்களைத் தோராயமாகவே எடுங்கள்.

சுரங்கத்துக்கு உள்ளேயும் டிசிபி ஓடினால் வேறொன்று நடக்கும். உள் டிசிபிக்கு இழப்பே தெரியாது, தாமதம் மட்டுமே தெரியும். தாமதம் அதன் கடிகாரத்தை மீறினால் அதுவும் ஒரு மறுபிரதியை அனுப்பும், அந்தப் பிரதியையும் வெளி டிசிபி தவறாமல் கொண்டுபோய்ச் சேர்க்க முயலும். இரு அடுக்குகளும் ஒரே இழப்புக்கு இரு முறை வைத்தியம் பார்க்கின்றன. இது நடக்கிறது என்பதில் ஐயமில்லை. எந்த இழப்பு வீதத்தில் இணைப்பு பயனற்றதாகிவிடும் என்பதற்கு ஒரு நிலையான எண் இல்லை; இடையகத்தின் அளவும் இரு டிசிபிகளின் அமைப்பும் அதைப் பெரிதும் மாற்றிவிடும். எவராவது ஒரு சதவீதத்தை உறுதியாகச் சொன்னால் எந்த அமைப்பில் அளந்தார்கள் என்று கேளுங்கள்.

இந்தக் குறையை அறிந்தே, பல டிஎல்எஸ் விபிஎன்கள் டிசிபி 443 இல் உள்நுழைவை முடித்துவிட்டு, தரவை மட்டும் யூடிபி மேல் ஓடும் டிடிஎல்எஸ்ஸுக்கு மாற்றிக்கொள்கின்றன. அப்படி மாறியதும் அவற்றின் இழப்புக் குணம் ஐபிசெக்கைப் போலவே ஆகிவிடும், மேலே போட்ட அளவுக் கணக்கும் திரும்ப வந்துவிடும். யூடிபி மறிக்கப்பட்ட இடத்தில் கிளையன்ட் சத்தமில்லாமல் டிசிபியிலேயே தங்கும்; திரையில் "இணைக்கப்பட்டது" என்ற அதே சொல்தான் இருக்கும். ஆகவே "டிஎல்எஸ் விபிஎன் மெதுவானது" என்ற முறைப்பாடு வந்தால், அந்தக் கணினியில் `tcpdump -ni any host 198.51.100.7 and udp port 443` போட்டு நுழைவாயிலோடு யூடிபி ஓடுகிறதா என்று பார்ப்பதே முதல் வேலை.

வேகத்தைப் பற்றி ஒரு சொல். ஐபிசெக் கேர்னலில் ஓடுவதால் வேகமானது, டிஎல்எஸ் நிரலில் ஓடுவதால் மெதுவானது என்று எழுதுவார்கள். பொதி கேர்னலுக்கும் நிரலுக்கும் இடையே தாவுவதற்குச் செலவு உண்டு என்பது உண்மை. ஆனால் ஓப்பன்விபிஎன் தரவு வழியைக் கேர்னலுக்குள் நகர்த்தும் வசதியைக் கொண்டுவந்துவிட்டது; அத்தோடு 4ஜி ஊடாக வேலை செய்பவருக்கு இணைப்பின் வேகமே முதலில் முட்டும். பெரிய கிளைச் சுரங்கங்களில் மட்டும் இதைப் பேசுங்கள்.

பாதுகாப்பில் உறுதியாகச் சொல்லக்கூடியது இது: டிஎல்எஸ் நுழைவாயில் ஒரு வலைச் சேர்வர், எவரும் உள்நுழைவதற்கு முன்பே அதன் பக்கங்களோடும் உள்ளீடுகளோடும் பேச முடியும். அந்தப் பகுதியில் இருந்த ஓட்டைகள் 2019 முதல் பெரிய அளவில் தாக்குதலுக்குப் பயன்பட்டுள்ளன. இதனாலேயே நோர்வேயின் தேசிய இணையப் பாதுகாப்பு மையம் 2024 மே மாதத்தில், வலை வழி விபிஎன்களை விட்டு ஐகேஈ இரண்டாம் பதிப்புள்ள ஐபிசெக்குக்கு மாறும்படி நிறுவனங்களுக்குப் பரிந்துரைத்தது. பரிந்துரையின் காரணம் டிஎல்எஸ் என்ற நெறிமுறை பலவீனமானது என்பதல்ல. அதைச் சுற்றி எழுதப்பட்ட நிரல்களில் ஓட்டைகள் தொடர்ந்து வந்ததுதான். ஐபிசெக் பக்கமும் சுத்தமானதல்ல. பழைய முதலாம் பதிப்பில் ஆக்ரசிவ் மோட் என்ற முறையை முன்பகிர்ந்த கடவுச்சொல்லோடு வைத்தால், வெளியாள் ஒரு பதிலைப் பெற்று, தன் வீட்டில் வைத்துக் கடவுச்சொல்லை ஆறுதலாக ஊகித்துப் பார்க்கலாம். அதை உங்கள் வடிவமைப்பில் வைக்கவே வேண்டாம்.

உங்கள் உதாரணத்துக்கு என் தெரிவு: கிளைக்கும் கொழும்புக்கும் இடையே இரு பக்கமும் நிலையான முகவரிகள், நிலையான வீச்சுகள், நாள் முழுக்க ஓடும் போக்குவரத்து. அங்கே ஐபிசெக்கைத் தவிர வேறெதையும் வைக்க எனக்குக் காரணம் தெரியவில்லை. வீட்டிலிருந்து வருபவர்களுக்கு, அவர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்பதைக் கேட்டபின் முடிவெடுப்பேன். வீட்டு இணைப்பும் 4ஜியும் மட்டும் என்றால் ஐகேஈ இரண்டாம் பதிப்பு நன்றாகவே ஓடும். ஊழியர் வீட்டு வைஃபையிலிருந்து 4ஜிக்கு மாறினாலும் மொபைக் என்ற நீட்சி சுரங்கத்தை அறுக்காமல் புதிய முகவரிக்குக் கொண்டுபோகும். விடுதிகளிலிருந்தும் பிறரது வலையமைப்புகளிலிருந்தும் வருவோர் இருந்தால் டிஎல்எஸ் வேண்டும், டிடிஎல்எஸ் இயக்கப்பட்டு, நுழைவாயிலின் நிரல் பிந்தாமல் புதுப்பிக்கப்படும் என்ற நிபந்தனையோடு.

இதை ஒப்படையில் வெறும் சொல்லாக விடாமல் அளந்து காட்ட விரும்பினால் இரண்டு மெய்நிகர் இயந்திரங்கள் போதும். டிடிஎல்எஸ் ஆதரிக்கும் ஒரு திறந்த மூலச் சேர்வரை, உதாரணமாக `ocserv` ஐ நிறுவி, இரண்டு பக்கத்திலும் தாமதமும் இழப்பும் சேருங்கள். சேர்வருக்கு 10.10.0.5 என்ற உள் முகவரியைக் கொடுத்து, அதில் `iperf3 -s` ஐ ஓடவிடுங்கள். பிறகு குரலைப் போன்ற ஒரு ஓட்டத்தை, 160 பைட் பொதியாக வினாடிக்கு 50 வீதம், சுரங்கத்துக்குள் அனுப்புங்கள்:

```
tc qdisc add dev eth0 root netem delay 40ms loss 2%
iperf3 -c 10.10.0.5 -u -b 64k -l 160 -t 60
```

முதலில் அப்படியே ஓட்டுங்கள். பின் கிளையன்ட் பக்கத்தில் யூடிபி 443 ஐ மறித்து, மீள இணைந்து, மறுபடி ஓட்டுங்கள். முதல் ஓட்டத்தில் இழப்பு ஏறக்குறைய 2 சதவீதமாகவும் நேரத் தளம்பல் சிறியதாகவும் வரும். இரண்டாவதில் இழப்பு பூச்சியத்துக்குக் கிட்ட வந்து தளம்பல் உயர்ந்திருக்கும். இழப்பு எண்ணை மட்டும் பார்த்து இரண்டாவதே சிறந்தது என்று எழுதிவிடாதீர்கள். தொலைந்ததாகத் தெரியாத அந்தப் பொதிகள் குரலுக்குப் பயன்படாத நேரத்தில் வந்து சேர்ந்தவை.